பேக்கரியில் முதல் தேறும் விற்பனை: ஒரு கடையின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

*கேள்வி: ஊத்துக்குளி பக்கம் ஆறு மாதமாகச் சின்ன பேக்கரி நடத்துகிறேன். தினமும் எட்டாயிரத்துக்குக் குறையாமல் கல்லாவில் விழுகிறது. பிரட், பன் எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி நிற்கும் என்றுதான் மாஸ்டர் சொல்கிறார். ஆனால் மாதக் கடைசியில் வாடகை கொடுக்கவே தடுமாறுகிறேன். மாதம் எவ்வளவு விற்றால் செலவு ஈடாகும் என்பதற்கு அட்டவணை போடச் சொல்கிறார்கள். அதை எப்படிப் போடுவது?*

உங்கள் கடை அளவுக்கு ஏறக்குறைய ஒத்த ஒரு பேக்கரிக்கு நான் கணக்குப் பார்த்துவருகிறேன். அந்தக் கடையின் எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் கொள்முதல் விலையையும் அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடையின் தினசரி விற்பனை 8,350 ரூபாய். அதற்கு முதல் தேற, அதாவது செலவு முழுவதும் ஈடாக வேண்டுமானால் ஒரு நாளைக்கு 9,030 ரூபாய் விற்க வேண்டியிருந்தது. இடைவெளி சிறியதுதான், எழுநூறு ரூபாய்கூட இல்லை. ஆனாலும் கடைக்காரர் பல மாதங்கள் அதைக் கண்டுபிடிக்காமல் இருந்ததற்குக் காரணம், அவருடைய கணக்கில் நட்டமே தெரியவில்லை என்பதுதான். அது ஏன் தெரியவில்லை என்பதைச் சொன்னாலே அட்டவணை போடும் முறையும் விளங்கிவிடும்.

முதலில் செலவுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிரட்கூட விற்காத நாளிலும் ஏறிக்கொண்டே இருப்பது நிலைச் செலவு. ஒரு பிரட் கூடுதலாகச் சுட்டால் மட்டும் கூடுவது மாறும் செலவு. விற்ற விலையிலிருந்து மாறும் செலவை மட்டும் கழித்தபின் கையில் நிற்பதை இந்தப் பதிலில் மிச்சம் என்று சொல்கிறேன். அந்த மிச்சம் லாபம் அல்ல. வாடகையையும் சம்பளத்தையும் கட்டுவதற்காகச் சேர்ந்துகொண்டிருக்கும் பணம். மாத மிச்சம் மாத நிலைச் செலவைத் தொடும் இடம்தான் முதல் தேறும் விற்பனை. அதைத் தாண்டியபிறகு வரும் மிச்சத்துக்குத்தான் லாபம் என்று பெயர்.

அந்தக் கடையின் நிலைச் செலவு இது.

| மாத நிலைச் செலவு | ரூபாய் |
|---|---|
| வாடகை | 15,000 |
| மாஸ்டர் சம்பளம் | 27,000 |
| ஹெல்பர் சம்பளம் | 16,000 |
| கவுண்டர் ஆள் சம்பளம் | 12,000 |
| ஃப்ரிட்ஜ், கண்ணாடி அலமாரி, விளக்கு மின்சாரம் | 6,500 |
| ஓவனைச் சூடேற்றி வைக்கும் கேஸ் | 7,200 |
| ஓவன், மிக்சர் தேய்மானம் | 5,000 |
| கடன் வட்டி | 3,300 |
| உரிமம், போன், பழுது, துப்புரவு | 3,000 |
| கடைக்காரர் சம்பளம் | 20,000 |
| மொத்தம் | 1,15,000 |

இதில் பெரும்பாலான வரிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று வரிகளில் மட்டும் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள்.

ஒன்று, கடைக்காரர் சம்பளம். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து அவ்வப்போது ஐந்நூறும் ஆயிரமுமாக எடுத்துக்கொண்டு, அதைச் செலவாக எழுதாமல் விட்டுவிடுவது வழக்கம். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு மூடும் உங்களுக்குப் பதிலாக ஓர் ஆளை வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ, அந்தத் தொகையையாவது இந்த வரியில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால், உங்கள் குடும்பம் சாப்பிடாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்காகிவிடும் அது.

இரண்டு, கேஸ். சிலிண்டர் செலவு முழுவதையும் மாறும் செலவு என்றே எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். அதிகாலையில் ஓவனைப் பற்றவைத்துச் சூடேற்றுவதற்கும், ஒரு டிரே எடுத்து மறு டிரே வைக்கும்வரை சூட்டைக் காத்து வைப்பதற்கும் ஆகும் கேஸ், ஐம்பது பிரட் சுட்டாலும் நூறு சுட்டாலும் பெரிதாக மாறாது. இந்த இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. வேலை குறைவான ஒரு நாளும் வேலை அதிகமான ஒரு நாளும் காலையிலும் இரவிலும் சிலிண்டரைத் தராசில் வைத்து எடை எழுதினோம். 15 கிலோ மாவு போட்ட நாளில் 4.2 கிலோ கேஸ் ஆனது. 30 கிலோ மாவு போட்ட நாளில் 6 கிலோ ஆனது. கூடுதலாகப் போட்ட 15 கிலோ மாவுக்கு 1.8 கிலோ கேஸ் என்றால், கிலோ மாவுக்கு 120 கிராம். குறைந்த நாளின் 4.2 கிலோவில் மாவுக்காக எரிந்த 1.8 கிலோவைக் கழித்தால், எந்த நாளானாலும் எரியும் கேஸ் 2.4 கிலோ என்று வருகிறது. 19 கிலோ வணிகச் சிலிண்டரை 1,900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 100 ரூபாய். முப்பது நாளைக்கு 7,200 ரூபாய். அது நிலைச் செலவில் போகிறது. கிலோ மாவுக்கு ஆகும் 12 ரூபாய் அந்தந்தப் பொருளின் மேல் போகிறது. இரண்டு நாள் எடை மட்டும் போதாது என்று நினைத்தால் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஆனால் எழுதாமல் ஊகிக்காதீர்கள்.

மூன்று, கடன் தவணை. மாதத் தவணை 10,300 ரூபாயை அப்படியே நிலைச் செலவில் எழுதினால், தேய்மானத்தையும் சேர்த்து எழுதும்போது ஒரே ஓவனுக்கு இரண்டு முறை செலவெழுதியது ஆகும். தவணையில் 3,300 வட்டி, 7,000 அசல். வட்டி செலவு, அசல் திருப்பிக் கொடுக்கும் கடன். அதற்குப் பதிலாக, 4,80,000 ரூபாய்க்கு வாங்கிய ஓவனும் மிக்சரும் எட்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்து மாதம் 5,000 தேய்மானம் எழுதியிருக்கிறோம். ஆனால் வாடகைக்குத் தடுமாறுகிற உங்களுக்குக் கைப்பணக் கணக்கும் முக்கியம் என்பதால், அதைப் பின்னால் தனியாகப் போட்டுக் காட்டுகிறேன்.

இனி ஒரு பிரட்டின் செலவு. இதை ஒரு பிரட்டாகக் கணக்கிடாமல், மாஸ்டர் எப்படி மாவு போடுகிறாரோ அப்படியே 10 கிலோ மைதாவாகக் கணக்கிட வேண்டும். மைதா கிலோ 42 வீதம் 420 ரூபாய். சர்க்கரை 800 கிராம் 36 ரூபாய். உலர் ஈஸ்ட் 100 கிராம் 40 ரூபாய். கொழுப்பு 300 கிராம் 42 ரூபாய். உப்பு 4 ரூபாய், இம்ப்ரூவரும் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் ப்ரொபியோனேட்டும் 20 ரூபாய். இதுவரை 562. கேஸ் 120, பிசையும் மின்சாரம் 15. ஆக 697 ரூபாய். 5.8 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் 17 கிலோவுக்குச் சற்று மேல் மாவு நிற்கும். வேகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை போய்விடும் என்பதால், 400 கிராம் பிரட்டுக்கு 450 கிராம் மாவு வெட்டுகிறோம். மேசையில் ஒட்டியதும் பாத்திரத்தில் தங்கியதும் போக 37 பிரட் வரும். ஒன்றுக்கு 19 ரூபாய், உறைக்கும் கட்டுக்கும் 2 ரூபாய், மொத்தம் 21. விற்கும் விலை 45. மிச்சம் 24 ரூபாய், அதாவது பாதிக்குச் சற்று மேல். உங்கள் மாஸ்டர் சொன்னதில் தவறு இல்லை. அவர் ஓவனிலிருந்து வெளிவந்த பிரட்டைச் சொல்கிறார். விற்ற பிரட்டை அல்ல.

அந்தக் கடையில் பதினைந்து பிரட் சுட்டால் ஒன்று விற்காமல் ரிட்டர்ன் ஆகிவிடும். அதற்கும் மைதா, ஈஸ்ட், உறை எல்லாம் போட்டாகிவிட்டது. எனவே பதினைந்து பிரட்டின் செலவு 315 ரூபாயை விற்ற பதினான்கின் மேல் ஏற்ற வேண்டும், ஒன்றுக்கு 22.50 ஆகிறது. மிச்சம் 24 அல்ல, 22.50. இனிப்பு பன்னில் பத்துக்கு ஒன்று ரிட்டர்ன்; 4.50 என்ற செலவு 5 ரூபாயாகிறது. அடிவாங்குவது பஃப்ஸில்தான். முட்டை பஃப்ஸ் ஒன்றுக்கு முட்டை 6, மாவும் மார்ஜரினும் 5, வெங்காய மசாலா 2, கேஸும் காகிதமும் 1, ஆக 14 ரூபாய். மாலை ஏழு மணிக்கு மேல் ஆறிப்போய் நமுத்துவிட்ட பஃப்ஸை யாரும் வாங்குவதில்லை; அடுத்த நாள் சூடாக்கி வைத்தால் ஒரே வாயில் வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். எட்டுக்கு ஒன்று வீணாகும் அந்தக் கடையில், விற்ற பஃப்ஸ் ஒன்றின் செலவு 16 ரூபாய். 25 ரூபாய் பஃப்ஸில் 11 நிற்பதாக நினைத்திருந்தது உண்மையில் 9. கேக் ஆர்டரின் பேரில்தான் செய்கிறார்கள் என்பதாலும் ரஸ்க் வாரக்கணக்கில் தாங்கும் என்பதாலும் அவற்றில் ரிட்டர்ன் எழுதவில்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு: லைன் சரக்கு. அந்தக் கடை தினமும் நூறு பன்னை டீக்கடைகளுக்கு 7 ரூபாய்க்குக் கொடுத்துவந்தது. ரிட்டர்ன் சேர்த்து 5 ரூபாய், வண்டிப் பெட்ரோல் பன்னுக்கு 50 காசு. மிச்சம் ஒன்றரை ரூபாய். அதே பன்னைக் கடையில் விற்றால் 5 ரூபாய் மிச்சம். இரண்டும் ஒரே மேசையில், ஒரே டிரேயில் வெந்த பன்தான் என்றாலும் கணக்கில் இரண்டு பொருள். அட்டவணையில் இரண்டு வரியாகத்தான் எழுத வேண்டும்.

| பொருள் | மாத விற்பனை எண்ணிக்கை | விலை | ரிட்டர்ன் சேர்ந்த செலவு | ஒன்றுக்கு மிச்சம் | மாத மிச்சம் |
|---|---|---|---|---|---|
| பிரட் 400 கிராம் | 1,500 | 45 | 22.50 | 22.50 | 33,750 |
| பன், கடையில் | 1,500 | 10 | 5.00 | 5.00 | 7,500 |
| பன், டீக்கடைக்கு | 3,000 | 7 | 5.50 | 1.50 | 4,500 |
| முட்டை பஃப்ஸ் | 3,000 | 25 | 16.00 | 9.00 | 27,000 |
| ரஸ்க் பாக்கெட் | 600 | 50 | 28.00 | 22.00 | 13,200 |
| கேக் அரைக் கிலோ | 120 | 350 | 180.00 | 170.00 | 20,400 |

மாத விற்பனை மொத்தம் 2,50,500 ரூபாய். மாத மிச்சம் 1,06,350. நிலைச் செலவு 1,15,000. மாதம் 8,650 ரூபாய் குறைகிறது.

இப்போது ரிட்டர்னை மறந்துவிட்டு, ஓவனிலிருந்து வந்த செலவையே வைத்து இதே அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். பிரட்டில் ஒன்றரை ரூபாய், பன்னில் ஐம்பது காசு, பஃப்ஸில் இரண்டு ரூபாய் கூடும். மிச்சம் 1,16,850 ஆகிவிடும். நிலைச் செலவு போக 1,850 லாபம். கடைக்காரர் தம் நோட்டில் ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டிருந்தது இந்த லாபத்தைத்தான். ரிட்டர்ன் என்ற பெயரில் மாதம் 10,500 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அதில் 6,000 பஃப்ஸில் மட்டும். விற்காத பிரட்டைத் தூளாக்கியோ மறுநாள் பாதி விலைக்கோ விற்பவர்கள் அந்த வரவை இதற்கு எதிரில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது வரும் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் சில்லறைதான்.

முதல் தேறும் விற்பனையைக் கணக்கிடுவது இனி ஒரே வகுத்தல். 2,50,500 விற்பனைக்கு 1,06,350 மிச்சம் என்றால், விற்ற ஒவ்வொரு ரூபாயிலும் ஏறக்குறைய 42.5 காசு நிற்கிறது. 1,15,000 சேர வேண்டுமானால் 2,70,900 ரூபாய் விற்க வேண்டும். நாளைக்கு 9,030. எண்ணிக்கையில் சொன்னால் எல்லாப் பொருளும் எட்டு சதவீதம் கூட வேண்டும்: நாளொன்றுக்கு ஐம்பது பிரட் ஐம்பத்து நான்காகவும், நூறு பஃப்ஸ் நூற்று எட்டாகவும், இருபது ரஸ்க் இருபத்திரண்டாகவும், மூன்று நாளில் போகும் பன்னிரண்டு கேக் பதின்மூன்றாகவும். கவுண்டரில் நிற்பவரிடம் சதவீதத்தைச் சொல்வதைவிட இப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிபடும்.

கணினியில் போடுவதானால் B நெடுவரிசையில் எண்ணிக்கை, C-இல் விலை, D-இல் ரிட்டர்ன் சேர்ந்த செலவு, E-இல் மிச்சம் என்று ஆறு வரிகளை எழுதி, நிலைச் செலவை H1 கட்டத்தில் வைத்தால் இந்த ஒரு வரி போதும்.

```
=H1*SUMPRODUCT(B2:B7,C2:C7)/SUMPRODUCT(B2:B7,E2:E7)
```

ஆனால் 2,70,900 என்ற எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். இப்போது விற்கும் விகிதத்திலேயே எல்லாம் கூடும் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் சரி. குறையும் 8,650 ரூபாயை ஒரே பொருளால் நிரப்பப் பார்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கேக்கால் நிரப்ப மாதம் 51 கேக் கூடுதலாகப் போதும். விற்பனை 17,850 ரூபாய் கூடும், மொத்தம் 2,68,350-லேயே முதல் தேறிவிடும். டீக்கடைப் பன்னால் நிரப்பப் பார்த்தால் 5,767 பன் வேண்டும். நாளொன்றுக்கு 192 பன் கூடுதல், மொத்தத்தில் இப்போது போவதைப் போல ஏறக்குறைய மும்மடங்கு. விற்பனை 2,90,900 ரூபாயைத் தொட்டபிறகுதான் முதல் தேறும். அதற்குள் ஹெல்பர் இன்னொருவர் வேண்டும் என்பார் மாஸ்டர். அவரை வைத்தால் நிலைச் செலவில் 16,000 ஏறும். பன்னின் ஒன்றரை ரூபாயால் அதை அடைக்க இன்னும் பத்தாயிரத்துக்கு மேல் பன் வேண்டும். அந்த ஓவனில் அது நடக்காது. கல்லாவில் பணம் கூடுகிறது, வண்டி ஓடுகிறது, மாவு மூட்டை வேகமாகத் தீர்கிறது என்பதால் கடை வளர்கிறது என்று தோன்றுவதும், மாதக் கடைசியில் நிலைமை இன்னும் மோசமாவதும் ஒரே நேரத்தில் நடப்பது இப்படித்தான். இதோடு டீக்கடைகள் வாரக் கடைசியில்தான் பணம் கொடுக்கும். மைதாவுக்கு நீங்கள் கையில் கொடுத்திருப்பீர்கள்.

லைன் சரக்கையே நிறுத்திவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கும் ஆட்களும் இருக்கும் ஓவனும் சும்மா நிற்கும் நேரத்தில் செய்கிற நூறு பன் மாதம் 4,500 ரூபாய் கொண்டுவருகிறது. அதை நிறுத்தினால் நட்டம் 13,150 ஆகும். பன்னொன்றுக்கு வாடகையும் சம்பளமும் எவ்வளவு விழுகிறது என்று பங்கிட்டுப் பார்த்து, டீக்கடைப் பன்னில் நட்டம் என்று நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னை நிறுத்தியதும் வாடகை குறைந்துவிடவில்லை. அட்டவணையில் நிலைச் செலவைப் பொருள்களுக்குப் பங்கிடாமல் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

அந்தக் கடையில் நாங்கள் முதலில் கைவைத்தது பஃப்ஸின் ரிட்டர்னில். காலையிலேயே நூற்றுப் பதினான்கு பஃப்ஸையும் சுட்டு அடுக்கிவந்தார்கள். அதை மாற்றி, மடித்து வைத்த பஃப்ஸைச் சுடாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, பதினொரு மணிக்கு ஒரு ஓட்டம், பள்ளி விடும் நான்கு மணிக்கு ஒரு ஓட்டம், ஆறு மணிக்குக் கேட்பதைப் பொறுத்து ஒரு டிரே என்று சுட ஆரம்பித்தார்கள். ரிட்டர்ன் எட்டுக்கு ஒன்று என்பது பதினாறுக்கு ஒன்றாகக் குறைந்தது. பஃப்ஸுக்கு ஒரு ரூபாய் ஏழு காசு கூடுதலாக நின்றது. மூவாயிரம் பஃப்ஸில் மாதம் 3,200 ரூபாய். விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடாமலே குறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைந்தது. ஓவன் மாலையிலும் சூடாக இருக்க வேண்டும் என்பதால் கேஸ் கொஞ்சம் கூடியது. அதையும் சிலிண்டரை எடைபோட்டு எழுதிக்கொண்டோம், மாதம் 600 ரூபாய் அளவில்தான் வந்தது.

விலையைக் கூட்டலாமா என்ற கேள்விக்கும் அட்டவணையிலேயே பதில் உண்டு. பிரட்டை 45-லிருந்து 48 ஆக்கினால் மிச்சம் 25.50 ஆகும். இப்போது வரும் 33,750 ரூபாய் மிச்சத்துக்கு அந்த விலையில் 1,324 பிரட் விற்றால் போதும். ஆக, மாதம் 176 பிரட், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு பிரட் வரை விற்பனை குறைந்தாலும் உங்களுக்கு இழப்பில்லை. உங்கள் தெருவில் எத்தனை பேர் மூன்று ரூபாய்க்காக எதிர்க் கடைக்குப் போவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆறு பேருக்கு மேல் போவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைதா விலை ஏறும்போதும் இதே போலப் பார்க்கலாம். ஒரு பிரட்டில் 270 கிராம் மைதா இருக்கிறது. கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினால் பிரட்டுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் கூடும். அதற்காக ஐந்து ரூபாய் ஏற்றிவிட்டு மைதாவின் மேல் பழிபோடுவது நம் தொழிலில் பழைய வழக்கம்.

வரியையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். பிரட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கேக், பிஸ்கட், பேஸ்ட்ரி ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாதம் 3,33,000 ரூபாய்க்கு மேல் போகும்போது அந்த எல்லை வரும். காம்போசிஷன் முறையில் போனால் விற்பனையில் 1 சதவீதம் கட்ட வேண்டும், அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. ஒரு ரூபாய்க்கு 42.5 காசு நின்ற இடத்தில் 41.5 காசு நிற்கும். முதல் தேறும் விற்பனை 2,77,400 ஆகிவிடும். கடைக்குள் மேசை போட்டு டீயோடு பரிமாறினால் அது உணவகச் சேவை என்று பார்க்கப்படும், எல்லையும் விகிதமும் வேறாகும். மேசை வாங்குமுன் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

கைப்பணக் கணக்கைத் தனியாகச் சொல்கிறேன் என்றேன். நிலைச் செலவு 1,15,000-இல் தேய்மானம் 5,000 கையிலிருந்து போவதில்லை. அசல் 7,000 போகிறது. ஆக, கையில் வேண்டியது 1,17,000. அதே விகிதத்தில் மாதம் 2,75,600 ரூபாய் விற்றால்தான் வாடகை நாளன்று கையில் பணம் இருக்கும். 2,70,900-க்கும் 2,75,600-க்கும் நடுவில் நிற்கும் மாதத்தில் கணக்கில் நட்டம் இல்லாமலும் கையில் பணம் இல்லாமலும் இருப்பீர்கள். உங்கள் தடுமாற்றத்தில் ஒரு பகுதி இதுவாகவும் இருக்கலாம்.

அட்டவணை சரிதானா என்பதை மாதக் கடைசியில் ஒரு முறை சோதிக்க வேண்டும். முதல் தேதியன்று இருந்த சரக்கு, அந்த மாதக் கொள்முதல் இரண்டையும் கூட்டி, கடைசி நாள் மீதமிருக்கும் மைதா, சர்க்கரை, மார்ஜரின், முட்டை, உறைகளைக் கழித்தால் உண்மையில் செலவானது தெரியும். அத்துடன் மாவுக்கேற்ப எரிந்த கேஸ், பிசைந்த மின்சாரம், வண்டிப் பெட்ரோல் ஆகியவற்றைக் கூட்டினால், அந்தக் கடையின் அட்டவணைப்படி 2,50,500 விற்பனைக்கு 1,44,150 வர வேண்டும். எங்களுக்கு வந்தது 1,46,000-க்கு மேல். ஓரிரண்டாயிரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த மாதம் ரிட்டர்ன் நோட்டு சரியாக எழுதப்பட்டிருந்தது, வாடிக்கையாளர் கடன் பாக்கியும் இல்லை, கவுண்டரிலும் குறை தெரியவில்லை.

ஒரு நாள் அதிகாலை மாவு வெட்டும் மேசையருகே நின்று பார்த்தேன். மாஸ்டர் முதல் துண்டைத் தராசில் வைத்தார், 450. இரண்டாவதும் 450. மூன்றாவதிலிருந்து கை அளவுதான். அத்தனை ஆண்டு அனுபவக் கை. வெட்டி வைத்ததில் பத்தை எடுத்து எடைபோட்டோம். இரண்டு மட்டும் 450-ஐ ஒட்டி இருந்தன. மற்றவை 460-லிருந்து 490 வரை இருந்தன, சராசரி 470. பிரட்டுக்கு 20 கிராம் மாவு என்றால் 85 காசு. மாதம் சுடும் 1,600 பிரட்டுக்கு 1,350 ரூபாய். நாங்கள் 37 என்று எழுதியிருந்த 10 கிலோ மைதாவுக்கு அவர் 35 அல்லது 36 பிரட்தான் எடுத்துக்கொண்டிருந்தார். "எடை குறைஞ்சா ஆளுங்க கேப்பாங்க, கூடினா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான் என்பதால், 455-க்குக் கீழே போகாமலும் 460-ஐத் தாண்டாமலும் வெட்டுவது என்று பேசி முடித்தோம். செலவு வரியில் 21 ரூபாயை அடித்துவிட்டு 21.30 என்று எழுதினோம்.